மூச்சடக்கி முக்குளிப்பவர் மேலே வரும்போது மயங்குவது ஏன், கூட்டாளி என்ன செய்யலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரீடைவிங் பழக வருகிறவர்கள், மூச்சடக்கிக் கடலில் இறங்கி மீனும் சங்கும் தேடுகிறவர்கள், நீச்சல் குளத்தில் ‘ஒரே மூச்சில் எவ்வளவு தூரம்’ என்று பந்தயம் வைக்கிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் சொன்ன வாக்கிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னவை தேவைப்படும் என்பதால் வரிசையாகப் படியுங்கள். மீட்பு பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்தால் மட்டும் போதாது, பயிற்றுநரோடு தண்ணீரில் இறங்கிக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ள வேண்டும்.

1. மூச்சை அடக்கினா கொஞ்ச நேரத்துல நெஞ்சு துடிக்குதே, ஆக்சிஜன் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. அந்தத் தவிப்பைக் கிளப்புவது ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. தசைகளும் உறுப்புகளும் ஆக்சிஜனைச் செலவழிக்கச் செலவழிக்கக் கரியமில வாயு கூடிக்கொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டியதும் மூளை ‘மூச்சு விடு’ என்று உதரவிதானத்தை உதற வைக்கும். வயிறு தானாக இழுத்து இழுத்து விடுவது அதனால்தான்.

ஆக்சிஜன் குறைவதை உணரும் அமைப்பும் உடலில் உண்டு. ஆனால் அதன் குரல் மிக மெல்லியது, அதுவும் தாமதமாகத்தான் வரும். பெட்ரோல் முள் இல்லாத வண்டியில் சைலன்சர் புகையைப் பார்த்து டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று கணிக்கிற மாதிரிதான் நம் நிலை. சாதாரண நாட்களில் புகையும் பெட்ரோலும் ஒன்றையொன்று ஒட்டியே போவதால் கணக்கு தப்பாது. புகையை மட்டும் குறைத்துவிட்டால் கணக்கு கெட்டுவிடும். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

2. இறங்குறதுக்கு முன்னாடி வேகவேகமா பத்திருபது தடவை மூச்சு இழுத்து விட்டா ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க முடியுதே, அதுல என்ன தப்பு?

நீங்கள் ஆக்சிஜனை ஏற்றுவதாக நினைக்கிறீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது. எவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினாலும் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு சதவீதத்தைத்தான் நிரப்ப முடியும். ஆனால் கரியமில வாயு மளமளவென்று இறங்கிவிடும், ஒரு நிமிடத்திலேயே பாதி அளவுக்குக்கூடப் போகலாம்.

ஆக, தாக்குப்பிடிக்கும் நேரம் கூடியதற்குக் காரணம் எச்சரிக்கை மணி தள்ளிப்போனதுதான், கையிருப்பு ஏறக்குறைய அதேதான். மணி அடிக்கும் முன்பே ஆக்சிஜன் மயங்கும் அளவுக்கு இறங்கிவிட்டால் எந்தத் தவிப்பும் இல்லாமல் நினைவு போய்விடும். போதாததற்கு, கரியமில வாயு குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை எளிதில் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுப்பு, தலை லேசாகக் கிறுகிறுப்பது ஆகியவை அளவுக்கு மீறி மூச்சு வாங்கிவிட்டதன் அடையாளங்கள். அவை வந்தால் அந்த முறை இறங்கவே கூடாது. இறங்கும் முன் இரண்டு நிமிடம் இயல்பான வேகத்தில் அமைதியாக மூச்சு விட்டு, கடைசியில் ஒரே ஒரு முழு மூச்சு எடுத்தால் போதும்.

3. அடியில நல்லா இருந்த ஆள் மேல வர்ற நேரத்துல எப்படி மயங்குறார்? காத்துக்குப் பக்கத்துலதானே வர்றார்?

இதுதான் மொத்த விஷயத்தின் முடிச்சு, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு ஆக்சிஜனைத் தள்ளுவது அதன் பகுதி அழுத்தம். மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு எவ்வளவோ அதுதான் பகுதி அழுத்தம். கடல் மட்டத்தில் மொத்த அழுத்தம் 1 பார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு 1 பார் கூடும். 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3.

ஒருவர் 20 மீட்டருக்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 விநாடி இறக்கம், அடியில் பாறையிடுக்கில் ஒரு மீனுக்காக 50 விநாடி, அப்புறம் ஏற்றம். புறப்படும்போது அவருடைய நுரையீரல் காற்றில் ஆக்சிஜன் 6 சதவீதமாகக் குறைந்துவிட்டது. தரையில் இந்த அளவு ஆபத்தானது. ஆனால் அங்கே மொத்த அழுத்தம் 3 பார். 6 சதவீதம் என்றால் 0.18 பார். தரையில் நாம் சாதாரணமாக மூச்சு விடும்போது நுரையீரலில் இருப்பது ஏறத்தாழ 0.13 பார்தான். அதனால் அவருடைய மூளைக்கு எந்தக் குறையும் தெரியாது. ‘இன்னும் நேரமிருக்கிறது’ என்றுகூடத் தோன்றும்.

இப்போது மேலே வருகிறார், கால் தசைகள் ஆக்சிஜனைத் தின்கின்றன. 10 மீட்டரை எட்டும்போது 5 சதவீதம் மிச்சம், அழுத்தம் 2 பார், அதாவது 0.10. இன்னும் நினைவோடுதான் இருப்பார். மேற்பரப்பைத் தொடும்போது 4 சதவீதம், அழுத்தம் 1 பார், அதாவது 0.04. பெரும்பாலானோருக்கு நினைவு தப்பும் எல்லை இந்த இடத்தில்தான் இருக்கிறது. 20-லிருந்து 10 மீட்டர் வரும்வரை அழுத்தம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. கடைசி 10 மீட்டரிலோ பாதியாகிவிட்டது. மயக்கங்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியிலும் மேற்பரப்பிலும் நடப்பது இதனால்தான். ஆழத்தில் அழுத்தம் ஆக்சிஜனைக் கடனாகக் கொடுத்திருந்தது, மேலே வரும் வழியில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. எல்லை மீறிப் போனால் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனே நுரையீரல் பக்கம் திரும்பிப் போகவும் கூடும்.

4. மயக்கம் வரப்போகுதுன்னு முன்கூட்டியே தெரியாதா? அந்த நேரத்துல வேகமா மேல வந்துடலாமே.

தெரியாது. மயங்கி எழுந்தவர்களிடம் கேட்டால் ‘நான் மயங்கவே இல்லை, நல்லாத்தான் வந்தேன்’ என்பார்கள். மூளைக்கு ஆக்சிஜன் குறையும்போது முதலில் மழுங்குவதே ஆபத்தை எடைபோடும் திறன்தான். சிலருக்கு ஒருவிதச் சுகம்கூட இருக்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. மேலே வரும்போது ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் குறைவதுபோலவே நுரையீரலில் கரியமில வாயுவின் அழுத்தமும் குறைகிறது. அதனால் அடியில் இருந்த தவிப்பு ஏறும் வழியில் தணிந்துவிடும். மிக மோசமான கட்டத்தில் உடல் ‘எல்லாம் சரி’ என்கிறது. தன் உணர்வை நம்பி முடிவெடுப்பவருக்கு இதில் வழியே இல்லை. வெளியிலிருந்து பார்க்கும் இன்னொருவருடைய கண்தான் வேண்டும்.

5. தலை தண்ணிக்கு மேல வந்து மூச்சும் இழுத்தாச்சு. அப்புறம் என்ன பயம்?

இழுத்த மூச்சு நுரையீரலில் ரத்தத்தோடு கலந்து, இதயம் வழியாக மூளைக்குப் போய்ச்சேரப் பல விநாடிகள் ஆகும். அதுவரை மூளைக்குப் போவது பழைய ரத்தம்தான். அதனால் மாஸ்க்கைக் கழற்றிச் சிரித்து ‘ஓகே’ சொன்ன பிறகு தலை சாய்ந்து முகம் தண்ணீருக்குள் போவது உண்டு. ஃப்ரீடைவிங் போட்டிகளில் மேலே வந்தவர் 15 விநாடிக்குள் மாஸ்க்கைக் கழற்றி, கையால் ஓகே காட்டி, வாயாலும் சொல்ல வேண்டும் என்று விதி இருப்பதற்குக் காரணம், அவர் தெளிவாக இருக்கிறாரா என்று பார்ப்பதுதான்.

மேலே வந்தவுடன் பலர் ‘புஸ்ஸ்’ என்று நெஞ்சிலுள்ள மொத்தக் காற்றையும் ஊதித் தள்ளுவார்கள். நுரையீரல் சுருங்கி ஆக்சிஜன் இன்னும் இறங்கும் தருணம் அது. எதையாவது பிடித்துக்கொண்டு, கொஞ்சமாக மட்டும் வெளியே விட்டு, உடனே வேகமாக நிறைய இழுத்து, ஒரு விநாடி நிறுத்தி, மறுபடி கொஞ்சம் விட்டு இழுக்க வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்த பிறகுதான் பேச்சு. இதை 3 மீட்டர் இறங்கி வந்தாலும் செய்து பழகுங்கள். தெளிவு குறைந்த நேரத்தில் பழக்கம் மட்டும்தான் கைகொடுக்கும்.

6. நான் நீச்சல் குளத்துல மட்டும்தான் பண்றேன், ஆழமே அஞ்சடி. எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். 3-இல் சொன்ன அழுத்த மாற்றம் அஞ்சடியில் கிட்டத்தட்ட இல்லை. குளத்தில் ஆளைச் சாய்ப்பது 2-இல் சொன்னது. வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு, ‘இன்னொரு லேப்’ என்று பிடிவாதமாகப் போவது. நன்றாக நீந்தத் தெரிந்த, உடல் வலுவுள்ள இளைஞர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் தவிப்பை அடக்கும் மனவுறுதி அவர்களிடம் இருக்கிறது.

குளத்தில் மயங்குகிறவர் கையைக் காலை அடிக்க மாட்டார், கத்த மாட்டார். நீந்திக்கொண்டே இருந்து மெதுவாக நின்று அடியில் படுத்துவிடுவார். கரையிலிருக்கும் காவலருக்கு அவர் மூச்சுப்பயிற்சி செய்வதுபோலத்தான் தெரியும். எனவே, காவலர் இருக்கிறார் என்பதால் கூட்டாளி வேண்டாம் என்று இருக்க முடியாது. ஒருவர் நீருக்குள் நீந்தினால் இன்னொருவர் அவருக்கு நேர் மேலே, கைநீட்டினால் தொடும் தூரத்தில் கூடவே வர வேண்டும். அசையாமல் மிதந்து மூச்சடக்கும் பயிற்சி என்றால் அவ்வப்போது தோளைத் தட்டுங்கள், அவர் விரலை உயர்த்திக் காட்ட வேண்டும். தட்டியும் விரல் எழவில்லையா, இன்னொரு முறை தட்டுங்கள். அதற்கும் இல்லையென்றால் முகத்தை உடனே வெளியே எடுங்கள்.

7. எங்க ஊர்ல முத்தும் சங்கும் காலங்காலமா மூச்சடக்கித்தான் எடுத்தாங்க. அவங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தா?

அவர்கள் வேலை செய்த முறையிலேயே இதற்கான காப்பு இருந்தது. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் கனமான கல்லோடு இறங்குவார்கள். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருப்பார். கூடை நிறைந்ததும் கயிறு அசையும், மேலிருப்பவர் இழுத்துத் தூக்குவார். இரண்டு பேருக்கு ஒரு கல் என்று முறைவைத்து இறங்கியதால் ஒருவர் அடியில் இருக்கும்போது இன்னொருவர் மேலே இளைப்பாறினார். ஜப்பானில் அமா என்னும் பெண் முக்குளிப்பவர்களிலும் ஒரு பிரிவினர் எடையோடு இறங்கி, படகிலிருக்கும் கணவரோ உறவினரோ கயிற்றால் இழுக்க மேலே வந்தார்கள். அவர்கள் போன ஆழம் சுமார் 20 மீட்டர், நீருக்குள் இருந்தது ஒரு நிமிடம் அளவு.

3-இல் பார்த்த கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். இறங்கவும் ஏறவும் கால் தசை உழைக்கவில்லை என்றால் ஏறும் வழியில் ஆக்சிஜன் குறைவது மிகவும் மெதுவாகும். நேரமும் குறைவு, மேலே ஓர் ஆள் எப்போதும் கயிற்றோடு. ஃபின் போட்டுக்கொண்டு தனியாக ஒன்றரை நிமிடம் மீனைத் துரத்தும் இன்றைய ஆளுக்கு இந்த மூன்றுமே கிடையாது. இன்று சங்கு எடுப்பவர்களில் பலர் கம்ப்ரஸர் குழாயில் காற்று வாங்கி இறங்குகிறார்கள். அது வேறு கதை. அழுத்தக் காற்றைச் சுவாசிப்பவர் ஏறும்போது மூச்சை அடக்கவே கூடாது, நுரையீரல் கிழிந்துவிடும்.

8. கூட்டாளி உண்மையில என்ன செய்யணும்? படகுல இருந்து பாத்துக்கிட்டா போதாதா?

போதாது. படகிலிருந்து நீருக்குள் நடப்பது தெரியாது, தெரிந்து குதிப்பதற்குள் நேரம் போய்விடும். ஒருவர் கீழே, ஒருவர் மேலே, இதுதான் விதி. மேலிருப்பவர் முகத்தை நீரில் வைத்து, இறங்குபவரைப் பார்த்துக்கொண்டே மிதக்க வேண்டும். இறங்கும் முன்பே எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன 20 மீட்டர் ஆளையே எடுத்துக்கொள்வோம். அவர் ஏறத் தொடங்கியதும், அல்லது தண்ணீர் கலங்கி அவர் தெரியாவிட்டால் பேசிய நேரத்தை வைத்து, கூட்டாளி இறங்கி 7 முதல் 10 மீட்டருக்குள் அவரைச் சந்திக்க வேண்டும். பொதுவாக ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கு. அங்கிருந்து முகத்துக்கு முகம் பார்த்தபடி, கை எட்டும் தூரத்தில் சேர்ந்தே ஏற வேண்டும். பார்க்க வேண்டியது முக்கியமாகக் கண்களை. கண் நிலைகுத்தினாலோ, வாயிலிருந்து குமிழிகள் கொட்டினாலோ, சீராக அடித்த கால் திடீரென்று பதறினாலோ நின்றாலோ, உடனே பிடித்துவிடுங்கள். தேவையில்லாமல் பிடித்துவிட்டால் ஒரு சிரிப்போடு போகும்.

மேலே வந்த பிறகு முழுதாக 30 விநாடி அவரைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. காரணம் 5-இல் இருக்கிறது. உதடு நீலமா, தலை ஆடுகிறதா, கை நடுங்குகிறதா, ஓகே காட்டச் சொன்னால் காட்டுகிறாரா என்று பாருங்கள். பல கூட்டாளிகள் நழுவவிடுவது இங்கேதான். பிடித்த மீனைப் பார்க்கிறார்கள், படகோட்டிக்குக் கையசைக்கிறார்கள்.

9. ரெண்டு பேரும் ஒண்ணாவே இறங்கி ஒண்ணாவே வந்தா இன்னும் பாதுகாப்புதானே?

இருவருக்கும் ஆக்சிஜன் ஒரே நேரத்தில் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். ஒருவர் மயங்கினால் இன்னொருவரிடம் தூக்கிவரக் காற்று இருக்காது. மேலிருப்பவர் புது மூச்சோடு இருப்பதுதான் கூட்டாளி முறையின் உயிர். அதே காரணத்துக்காக, தன் முறை முடிந்து மேலே வந்தவர் ஓய்வெடுக்காமல் அடுத்தவருக்குக் காவலாக இறங்கக் கூடாது. நீருக்குள் இருந்த நேரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு ஓய்வு வேண்டும். ஒன்றரை நிமிடம் இருந்தால் மூன்று நிமிடம்.

உங்களால் எட்ட முடியாத ஆழத்துக்குப் போகிறவருக்கு நீங்கள் தனியாகக் காவல் நிற்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 10 மீட்டர் போகிறவர், 25 மீட்டர் போகிறவருக்குக் கூட்டாளியாக நின்றால் அவர் 18 மீட்டரில் மயங்கும்போது பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

10. சரி, ஆள் மயங்கிட்டார். இப்ப என்ன செய்யணும்?

நீருக்குள் மயங்கினவருக்குத் தொண்டை சற்று நேரம் இறுகி மூடிக்கொள்ளும், அதனால் நுரையீரலுக்குள் உடனே தண்ணீர் போவதில்லை. அந்தச் சிறு இடைவெளிதான் உங்களுக்குக் கிடைப்பது. ஒரு கையால் தாடையைப் பிடித்து வாயை மூடுங்கள், இன்னொரு கையைப் பின்தலையில் வையுங்கள். மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம், மூக்குக்குள் தண்ணீர் போகாமல் அது காக்கும். நேராக மேலே கொண்டுவாருங்கள். கனமாக இருந்தால் அவருடைய வெயிட் பெல்ட்டை அவிழ்த்து விடுங்கள்.

மேலே வந்ததும் முகத்தைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்தி மாஸ்க்கையும் வாயில் ஏதாவது இருந்தால் அதையும் எடுங்கள். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஊதுங்கள், கன்னத்தைத் தட்டுங்கள், பெயரைச் சொல்லி ‘மூச்சு விடு’ என்று உரக்கச் சொல்லுங்கள். ஊது, தட்டு, பேசு. பெரும்பாலானவர்கள் சில விநாடிகளில் ஒரு பெரிய மூச்சோடு விழித்துவிடுவார்கள். 10 விநாடியாகியும் மூச்சு வரவில்லையென்றால் மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை மூச்சு கொடுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் மூச்சு கொடுத்துக்கொண்டே படகுக்கோ கரைக்கோ கொண்டுபோய், மூச்சும் நெஞ்சழுத்தமும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் கரையென்றால் 108, கடலில் என்றால் கடலோரக் காவல்படையின் 1554.

11. வெயிட் பெல்ட்ல எவ்வளவு எடை போடணும்? கொஞ்சம் கூடுதலா போட்டா இறங்க சுலபமா இருக்கே.

அந்தச் சுலபத்துக்கான விலையை ஏறும்போது கொடுப்பீர்கள். 3-இல் சொன்ன ஆள் கடைசி 5 மீட்டரில் நினைவிழந்தால், எடை சரியாக இருந்தால் தானாக மேலே மிதந்து வருவார். எடை அதிகமென்றால் மறுபடி அடிக்குப் போவார். 10 மீட்டரில் அசையாமல் நின்றால் மூழ்கவும் கூடாது, மிதந்து எழவும் கூடாது, அதுதான் சரியான அளவு. மேற்பரப்பில் மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகும் நீங்கள் மிதக்க வேண்டும். உப்புநீர், வெட்சூட்டின் தடிமன் இரண்டும் மாறினால் மறுபடி சோதியுங்கள். ஒரே இழுப்பில் கழலும் பெல்ட்டைத்தான் கட்டுங்கள்.

12. ஸ்கூபாவுல மேல வரும்போது காத்தை விட்டுக்கிட்டே வரச் சொல்றாங்க. நாங்களும் அப்படி விடலாமா?

வேண்டாம். ஸ்கூபாவில் ஆழத்தில் அழுத்தக் காற்றை உள்ளே வாங்குவதால் அது விரிந்து நுரையீரலைக் கிழிக்கக்கூடும் (7-இன் கடைசியில் சொன்னது). நீங்கள் மேற்பரப்பில் எடுத்த ஒரே மூச்சோடு போனவர். அது திரும்பி வரும்போது பழைய அளவுக்கு மேல் விரியாது. இடையில் வெளியே விட்டால் மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் மிதப்பும் போகும். இறங்கும் முன் ஸ்நார்க்கலையும் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். மயங்கினால் அது தண்ணீருக்கு நேர்வழி.

13. மயங்கினவர் எழுந்து நல்லா பேசுறார். இன்னொரு தடவை இறங்கலாமா?

அன்றைக்கு வேண்டாம். அவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பதை ஏன் சான்றாக எடுக்க முடியாது என்று 4-இல் பார்த்தோம். நினைவு தப்பாமல் கை, தலை மட்டும் உதறி நின்றாலும் இதே பதில்தான், அது மயக்கத்துக்கு ஒரு படி முந்திய நிலை. ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் கொடுங்கள். இருமல், நுரை, நெஞ்சு கனம், மூச்சிரைப்பு இவற்றில் ஏதாவது இருந்தால், அல்லது தண்ணீர் உள்ளே போயிருக்கலாம் என்று தோன்றினாலே, மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நுரையீரலில் போன தண்ணீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும்.

14. கூட்டாளி வரலைன்னா 5 மீட்டருக்குள்ள மட்டும், கொஞ்ச நேரம் மட்டும்னு தனியா இறங்கலாமா?

5 மீட்டர் என்பது ஆளைக் காப்பாற்றாது. அங்கே அழுத்தம் 1.5 பார், மேலே வந்தால் 1, மூன்றில் ஒரு பங்கு இழப்பு. ஆழம் குறைவென்பதால் அடியில் அதிக நேரம் தங்குவார்கள். முறைக்கு முறை ஓய்வு சுருங்கும். மதியத்துக்குள் உடலில் நீர் குறைந்து களைப்பும் சேரும். தனியாக இறங்கி இறந்தவர்களில் பலர் தங்களால் முடிந்த ஆழத்தைவிட மிகக் குறைவான ஆழத்தில் இருந்தவர்கள்தான்.

தனியாக இருக்கும் நாளில் மூச்சடக்காமல், ஸ்நார்க்கலோடு மேற்பரப்பில் நீந்துங்கள். அல்லது கரையில், மெத்தையில் படுத்தபடி மூச்சடக்கப் பழகுங்கள். அங்கே மயங்கினாலும் உடல் தானாக மூச்சு வாங்கிக்கொள்ளும், முகத்தைச் சுற்றி இருப்பது காற்றுதான். குளியல் தொட்டியிலும் வாளித் தண்ணீரிலும் முகத்தை வைத்துத் தனியாகப் பழகுவது மட்டும் கூடவே கூடாது.